நாலு மீட்டர் தள்ளியிருந்தும் தெரியும் டாஷ்போர்டு: கார்டு நிறத்தையும் ஐகான் நிலையையும் மாற்றிய கதை

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் 10.1 அங்குல டேப்லெட் ஒன்று மாட்டியிருக்கிறது. வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் இணைத்துக் காட்டும் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளின் டாஷ்போர்டு அதில் எப்போதும் திறந்தே இருக்கும். பின்கதவு, முன்கதவுப் பூட்டு, தண்ணீர்க் கசிவு சென்சார், சலவை இயந்திரம், விளக்குகள், வீட்டுக்குள் வெப்பநிலை என்று ஆறு விஷயங்களை அதில் பார்க்கிறோம். அப்பா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்கும் அந்தச் சுவருக்கும் இடையே டேப் வைத்து அளந்தால் சரியாக 4 மீட்டர்.

ஒரு நாள் இரவு பின்கதவு திறந்தே கிடந்தது. காலையில்தான் கண்டுபிடித்தோம். சென்சார் ஒழுங்காகத்தான் வேலை செய்திருந்தது. இரவு ஒன்பதரைக்கே கதவு திறந்த நிலைக்கு மாறியதாக வரலாற்றுப் பக்கத்தில் பதிவு இருந்தது. படுக்கப் போகும் முன் அப்பா டேப்லெட்டைப் பார்த்தும் இருக்கிறார். "மஞ்சளா ரெண்டு புள்ளி தெரிஞ்சுதும்மா. விளக்குதான் எரியுதுன்னு நினைச்சேன்" என்றார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. ஹோம் அசிஸ்டன்டின் இயல்பான நிற அமைப்பில் விளக்கு எரிந்தாலும் அம்பர் மஞ்சள், கதவு திறந்திருந்தாலும் அதே அம்பர் மஞ்சள்தான். புகை, எரிவாயு, ஈரம் போன்ற ஆபத்து வகை சென்சார்களுக்குச் சிவப்பு தனியாக உண்டு. கதவு அந்த வகையில் சேராது, 'செயலில் உள்ளது' என்ற பொது நிறத்துக்குப் போய்விடும். கையில் வைத்துப் பார்க்கும்போது பெயரைப் படித்துக் கொள்ளலாம் என்பதால் இது யாருக்கும் உறுத்தாது. சுவரில் மாட்டியதும் பெயர் மறைந்துவிடுகிறது, நிறம் மட்டும் மிஞ்சுகிறது. மிஞ்சிய நிறம் இரண்டுக்கும் ஒன்றாக இருந்தது.

முதலில் அளந்தது

நிறத்தில் கை வைப்பதற்கு முன், அந்த நாற்காலியில் இருந்து எவ்வளவு பெரிய பொருள் கண்ணுக்குத் தெரியும் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கணக்கு எந்த வீட்டுக்கும் ஒன்றுதான், அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பாகையை அறுபதாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு கலை. நல்ல பார்வை உள்ள கண், ஒரு கலை அளவுள்ள இடைவெளியைப் பிரித்தறியும். கண் மருத்துவரின் பலகையில் இயல்பான பார்வைக்கு உரிய வரியில் உள்ள எழுத்து மொத்தமாக ஐந்து கலை உயரம் இருக்கும்; அதன் ஒவ்வொரு கோடும் ஒரு கலை. தூரத்தை மில்லிமீட்டரில் எடுத்து 0.00029 ஆல் பெருக்கினால், அந்தத் தூரத்தில் ஒரு கலை எத்தனை மில்லிமீட்டர் என்று வரும். 4000 மில்லிமீட்டருக்கு அது சுமார் 1.16 மி.மீ. அதாவது, நல்ல கண் இருந்தாலும் 4 மீட்டரில் 6 மி.மீ.க்குக் குறைந்த எழுத்தைப் படிக்க முடியாது. அதுவும் கண்ணை இடுக்கிக் கொண்டு படிக்கிற எல்லை. போகிற போக்கில் ஒரு பார்வையில் புரிய வேண்டுமென்றால் அதைப்போல் மூன்று நான்கு மடங்கு, அதாவது 20 கலை அளவாவது வேண்டும் என்று வைத்துக் கொண்டேன். 4 மீட்டருக்கு அது 23 மி.மீ.

இனி திரைப் பக்கம். எங்கள் டேப்லெட் 1280 × 800 பிக்சல், திரையின் அகலம் 217 மி.மீ. ஒரு மில்லிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 6 பிக்சல். இதில் உலாவியின் பிக்சலும் திரையின் பிக்சலும் ஒன்றுதான். அடர்த்தி கூடிய திரைகளில் உலாவி ஒரு பிக்சலை இரண்டாகவோ மூன்றாகவோ பெருக்கிக் காட்டும், அங்கே இந்த எண் மாறும். ஐயம் இருந்தால் 100 பிக்சல் அகலத்தில் ஒரு கட்டம் போட்டு அளவுகோலை வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

நாங்கள் வைத்திருந்தது வழக்கமான டைல் கார்டு. அதன் ஐகான் 24 பிக்சல், அதாவது 4 மி.மீ. நாற்காலியில் இருந்து அது மூன்றரைக் கலைகூட இல்லை. பலகையில் உள்ள மிகச் சிறிய எழுத்தைவிடச் சிறியது! ஐகானுக்குள் இருக்கும் கோடுகளின் கதை இன்னும் மோசம். ஹோம் அசிஸ்டன்ட் பயன்படுத்தும் எம்.டி.ஐ. ஐகான்கள் 24 × 24 கட்டத்தில் வரைந்தவை, அவற்றின் கோடு பொதுவாக 2 அலகு தடிமன். 24 பிக்சலில் காட்டும்போது கோடு 2 பிக்சல், மூன்றில் ஒரு மில்லிமீட்டர். பூட்டின் வளையம் மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைச் சொல்வது அந்தக் கோடுதான். அது அந்த நாற்காலிக்கு எட்டவே எட்டாது.

எனவே அப்பாவுக்கு எட்டியது அம்பர் நிறப் புள்ளி மட்டும். அதுவும் எட்டியது என்று முழுதாகச் சொல்ல முடியாது. புள்ளி சிறுத்தால் கண் முதலில் இழப்பது நிற வேறுபாட்டைத்தான். வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியும், என்ன நிறம் என்பது மங்கிப் போகும். ஐகானுக்கு மட்டும் நிறம் கொடுத்துவிட்டுக் கார்டை அப்படியே விட்டால் தூரத்தில் இதுதான் நடக்கும்.

சிவப்பும் பச்சையும் ஏன் உதவவில்லை

முதலில் தோன்றிய வழி எளிதானது: கார்டு முழுவதும் நிறமாகட்டும். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. முன்கதவுப் பூட்டுக்கு ஏற்கெனவே அப்படித்தான் வருகிறது, பூட்டியிருந்தால் பச்சை, திறந்திருந்தால் சிவப்பு. அதையே எல்லாவற்றுக்கும் நீட்டி ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து செய்தேன்.

தம்பி வந்து பார்த்துவிட்டு, "அக்கா, எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கு" என்றான். அவனுக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு குறைவு. இது எனக்கு முன்பே தெரியும். ஆனால் நான் தேர்ந்தெடுத்த சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கும் என்பதை எண்ணாகப் பார்த்தது அன்றைக்குத்தான். `#F44336` என்ற சிவப்புக்கும் `#4CAF50` என்ற பச்சைக்கும் இடையே உள்ள ஒளி மாறுபாட்டு விகிதம் 1.3:1 தான். வெள்ளைக்கும் கறுப்புக்கும் அது 21:1. அதாவது இரண்டு நிறங்களும் ஏறத்தாழ ஒரே அளவு வெளிச்சம் தருகின்றன. நிறத்தை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே சாம்பல்.

இதனால் கஷ்டப்படுவது தம்பி மட்டும் இல்லை. சன்னலில் இருந்து பகல் வெளிச்சம் திரைமீது படும்போது நிறங்கள் வெளுத்துப் போய், அப்பாவுக்கும் எனக்கும் அதே சாம்பல்தான் தெரிந்தது. அப்போதுதான் விதியை மாற்றினேன். நிலையைச் சொல்லும் வேலை வெளிச்ச அளவுக்கு. நிறம் அதற்குத் துணை.

அப்புறம் இன்னொரு குறையும் இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கும்போது ஆறு கார்டும் பளிச்சென்று பச்சையாக நின்றன. ஒன்று சிவப்பானால் ஐந்து பச்சைக்கு நடுவே அதைத் தேட வேண்டியிருந்தது. தேட வைக்கிற திரை சுவருக்கு உதவாது. அமைதியாக இருப்பது இருட்டாக இருக்க வேண்டும், கவனிக்க வேண்டியது மட்டும் வெளிச்சமாக எழ வேண்டும்.

மூன்று படி வெளிச்சம்

கடைசியில் நிலைத்தது இந்த ஏற்பாடு. எதுவும் செய்ய வேண்டாத கார்டு அடர் சாம்பல், `#2B3038`. ஏதோ ஓடுகிறது ஆனால் கவலை இல்லை என்றால் (விளக்கு எரிகிறது, சலவை நடக்கிறது) நடுத்தர நீலம், `#3D6FA8`. யாராவது எழுந்து போய்ப் பார்க்க வேண்டும் என்றால் அம்பர், `#FFB000`, அதன்மேல் கிட்டத்தட்டக் கறுப்பான ஐகான்.

சாம்பலுக்கும் நீலத்துக்கும் விகிதம் 2.5:1, நீலத்துக்கும் அம்பருக்கும் 2.8:1, சாம்பலுக்கும் அம்பருக்கும் 7:1. படிகள் ஏறத்தாழச் சமமாக இருப்பதால் நடுப்படி எந்தப் பக்கமும் சாய்ந்துவிடாது. தம்பிக்கு இதில் நிறமே தேவையில்லை. திரையைக் கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன், மூன்று படியும் தனித்தனியாக நின்றன. டேப்லெட்டின் அணுகல்தன்மை அமைப்புகளில் நிறத்தை முழுதாக நீக்கும் வசதி பெரும்பாலும் இருக்கும். செய்து பார்க்க ஒரு நிமிடம் ஆகாது.

சாம்பலுக்குப் பதிலாகத் தூய கறுப்பை வைக்கலாமே என்று முதலில் தோன்றியது, விகிதம் இன்னும் கூடும். ஆனால் பகலில் கறுப்புத் திரை கண்ணாடி மாதிரி ஆகிறது. எதிரே இருந்த சன்னல் அப்படியே கார்டில் தெரிந்து, மூடிய பின்கதவு கார்டில் ஒரு வெள்ளைக் கட்டம் மிதந்தது. கொஞ்சம் வெளிச்சம் உள்ள சாம்பலில் அந்தப் பிரதிபலிப்பு அவ்வளவாக எடுபடவில்லை.

தண்ணீர்க் கசிவுக்கு மட்டும் தனி ஏற்பாடு. வழக்கமான சிவப்பு, அம்பரைவிட இருட்டானது. கார்டு முழுக்கச் சிவப்பு அடித்தால் பெரிய ஆபத்து சின்ன ஆபத்தைவிட மங்கலாகத் தெரியும். எனவே கார்டு தூய வெள்ளை, ஐகான் அடர் சிவப்பு, அந்த ஐகான் மட்டும் இரண்டு விநாடிக்கு ஒருமுறை மெதுவாக மறைந்து தோன்றும். கார்டு முழுவதையும் மறைந்து தோன்ற விட்டபோது சரிப்படவில்லை. மறைந்த நொடியில் யாராவது பார்த்தால் அங்கே கார்டே இல்லாதது போல இருந்தது. மேலும் வேகமாகச் சிமிட்டுவது சிலருக்கு உடல்நலத் தொந்தரவே தரும். விநாடிக்கு மூன்று முறையைத் தாண்டக் கூடாது என்பது இணைய அணுகல்தன்மை விதிகளில் உள்ள வரம்பு. நமக்கு அதற்குப் பக்கத்தில் போகவே தேவையில்லை.

கார்டின் அளவும் இடமும்

ஆறு விஷயம் என்பதால் மூன்று பத்தி, இரண்டு வரிசை. மேல்பட்டையை மறைத்துவிட்டால் ஒவ்வொரு கார்டும் சுமார் 415 × 370 பிக்சல், அதாவது 70 × 63 மி.மீ. நாற்காலியில் இருந்து கார்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு பாகை. இந்த அளவில் நிறம் மங்குவதில்லை. ஐகானுக்கு 140 பிக்சல் கொடுத்தேன். அது 24 மி.மீ., முதலில் போட்ட கணக்கோடு பொருந்துகிறது. அப்போது ஐகானின் கோடு 2 மி.மீ. ஆகிறது, ஒன்றரைக் கலைக்கும் மேல். இப்போதுதான் ஐகானின் உருவம் பேசத் தொடங்குகிறது.

பெயரை 34 பிக்சலில் வைத்தேன். அது ஒன்றரை மீட்டர் வரைதான் வசதியாகப் படிக்க வரும். தமிழ் எழுத்தின் சுழிகள் ஆங்கில எழுத்தைவிட நெருக்கமானவை, ஒரே உயரத்தில் அவை முன்னதாகவே குழம்பிவிடும். பெயரை நாலு மீட்டருக்குப் பெரிதாக்கினால் ஐகானுக்கு இடம் போகும். அதை விட்டுவிட்டேன். எது என்பதை இடம் சொல்லட்டும். மேல் இடது மூலை பின்கதவு, அதற்கு அடுத்தது முன்பூட்டு. இது இரண்டு மூன்று நாளில் எல்லோருக்கும் மனதில் பதிந்துவிட்டது.

இடம் பேச வேண்டுமென்றால் இடம் மாறக்கூடாது. கவனிக்க வேண்டியவற்றை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் வசதி உண்டு, பலரும் அதை விரும்புவார்கள். நானும் ஒரு வாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு கார்டு மறைந்தால் அடுத்தது நகர்ந்து அந்த இடத்துக்கு வந்துவிடும். இடத்தை வைத்துப் பழகிய கண் ஏமாறும். அதைவிடப் பெரிய சிக்கல், திரை காலியாக இருக்கும்போது 'எல்லாம் சரி' என்பதற்கும் 'சர்வர் படுத்துவிட்டது' என்பதற்கும் வேறுபாடு இல்லை. மூடிய கதவும் இருட்டாகத் தன் இடத்தில் நிற்பதே சரி என்று முடிவு செய்தேன்.

கட்டியது `custom:button-card` என்ற கூடுதல் கார்டில். டைல் கார்டுக்கு மேலே நிறம் பூசியும் செய்யலாம், ஆனால் ஐகானை இவ்வளவு பெரிதாக்க அது இடம் தராது. ஆறு கார்டுக்கும் பொதுவானதை டாஷ்போர்டின் மூல அமைப்பில் ஒரே வார்ப்பாக வைத்துவிட்டால், பிறகு ஒரு நிறத்தை மாற்ற ஆறு இடம் தேட வேண்டாம்.

```yaml
button_card_templates:
  thooram:
    show_state: false
    size: 140px
    styles:
      card:
        - height: 370px
        - background: '#2B3038'
      icon:
        - color: '#8A93A0'
      name:
        - font-size: 34px
        - color: '#C9CED6'
```

பின்கதவு கார்டு இதை எடுத்துக் கொண்டு, திறந்த நிலையை மட்டும் சேர்க்கிறது.

```yaml
type: custom:button-card
template: thooram
entity: binary_sensor.back_door
name: பின்கதவு
icon: mdi:door-closed
state:
  - value: 'on'
    icon: mdi:door-open
    styles:
      card:
        - background: '#FFB000'
      icon:
        - color: '#111111'
      name:
        - color: '#111111'
```

இதில் `'on'` என்பதை மேற்கோளுக்குள் வைக்க மறக்க வேண்டாம். டாஷ்போர்டைக் கோப்பில் எழுதுகிறவர்களுக்கு, மேற்கோள் இல்லாத அந்தச் சொல் ஆம்/இல்லை மதிப்பாக மாறி, கதவு திறந்தாலும் கார்டு இருட்டாகவே நிற்கும். பெயரின் நிறத்தையும் சேர்த்து மாற்ற வேண்டும். அம்பர்மேல் வெளிர் சாம்பல் எழுத்து பக்கத்தில் இருந்தே படிக்க வராது.

ஐகான் தேர்வு

ஐகான்களை நான் ஜோடியாகத்தான் பார்த்தேன். தனியாக அழகாக இருக்கிற ஐகான், அதன் எதிர்நிலைக்குப் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளை மாதிரி இருக்கும். நல்ல உதாரணம் பூட்டு. `mdi:lock`, `mdi:lock-open` இரண்டுக்கும் உடல் ஒன்று, வளையமும் அதே இடத்தில் இருக்கிறது; வளையத்தின் ஒரு கால் உடலைத் தொடவில்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. தூரத்தில் அந்தச் சின்ன இடைவெளி நிரம்பிவிடுகிறது. `mdi:lock-open-variant` என்பதில் வளையம் பக்கவாட்டில் தள்ளி நிற்கும். அப்போது ஐகானின் வெளிவடிவமே மாறுகிறது. ஒன்று ஒடுக்கம், ஒன்று அகலம். உள்கோடுகள் மறைந்தாலும் வெளிவடிவம் நிற்கும். அதையே எடுத்துக் கொண்டேன்.

குறுக்குக் கோடு போட்ட 'நிறுத்தம்' ஐகான்களும் தூரத்துக்கு உதவாதவை. `mdi:washing-machine` படத்துக்கும் `mdi:washing-machine-off` படத்துக்கும் இடையே ஒரு மெல்லிய கோடுதான் வேறுபாடு. 140 பிக்சலில்கூட அதைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சலவை முடிந்தது என்பதற்கு இயந்திரத்தின் படத்தையே விட்டுவிட்டு `mdi:tshirt-crew` வைத்தேன். கண்ணுக்கு முற்றிலும் வேறு உருவம். துணியை எடுக்க வேண்டும் என்ற செய்தியும் அதிலேயே இருக்கிறது.

கதவு ஐகான் ஜோடியில் எனக்கு இன்னும் முழுத் திருப்தி இல்லை. மூடியதும் திறந்ததும் நெடிய செவ்வகங்களே. அங்கே வேலையைச் செய்வது அம்பர் கார்டுதான். ஐகான் பக்கத்தில் வந்து பார்ப்பவருக்கு.

வடிவைச் சோதிக்க ஒவ்வொரு முறையும் நாற்காலிக்குப் போய் வர வேண்டியதில்லை. 217 மி.மீ. அகலத் திரை 4 மீட்டரில் எப்படித் தெரியுமோ, அதே கோணத்தில் 40 செ.மீ. தூரத்தில் தெரிவது 2.2 செ.மீ. அகலப் படம். திரைப்பிடிப்பை எடுத்து, மடிக்கணினியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சுருக்கி, வழக்கமான தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மடிக்கணினியின் பிக்சல்கள் படத்தைக் கண்ணைவிட அதிகமாகவே மங்க வைக்கும், எனவே இந்தச் சோதனை கொஞ்சம் கடுமையானது. இதில் தேறியது எதுவும் சுவரில் தோற்கவில்லை.

பேட்டரி செத்த நாள்

புதிய ஏற்பாடு மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒரு மாலை பின்கதவை நானே திறந்து வைத்துவிட்டு உள்ளே வந்தேன். கார்டு இருட்டாகவே இருந்தது.

சென்சாரின் பேட்டரி தீர்ந்திருந்தது. கார்டில் 'கிடைக்கவில்லை' என்ற நிலைக்கு நான் எதுவும் எழுதவில்லை, எனவே அது வார்ப்பின் சாம்பலில் நின்றது. மூடிய கதவும் சாம்பல், செத்த சென்சாரும் சாம்பல். பழைய டைல் கார்டிலும் இதே ஓட்டை இருந்தது. அங்கே ஐகானின் ஓரத்தில் ஒரு குட்டி ஆச்சரியக்குறி வரும். 4 மீட்டரில் அது தெரியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அமைதிக்கு இருட்டு என்ற விதியை எடுத்துக் கொள்கிற எவரும் இந்த ஓட்டையை அடைத்தே ஆக வேண்டும், ஏனென்றால் இந்த விதியில் மௌனமும் நலமும் ஒரே முகத்தில் வருகின்றன.

'தெரியவில்லை' என்பதற்கு நாலாவது ஒரு வெளிச்சப் படி கொடுக்க மனம் வரவில்லை. மூன்று படிக்கே இடம் சரியாக இருந்தது. எனவே கோலத்தை எடுத்துக் கொண்டேன், சாய்ந்த பட்டைகள். முதலில் போட்டது 6 பிக்சல் பட்டை. பக்கத்தில் நின்று பார்க்க அழகாக இருந்தது. நாற்காலிக்குப் போனேன், ஒரே சாம்பல். 6 பிக்சல் என்பது 1 மி.மீ., 4 மீட்டரில் ஒரு கலைக்கும் குறைவு. கண் இரண்டு நிறத்தையும் கலந்து ஒன்றாக்கிவிட்டது. முதல் நாள் போட்ட அதே கணக்கு இங்கேயும் பொருந்தும் என்பதை நான் யோசிக்கவில்லை. 40 பிக்சலாக்கியதும், அதாவது பட்டை ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 7 மி.மீ., தெளிவாகப் பிரிந்து நின்றது.

```yaml
  - value: '^(unavailable|unknown)$'
    operator: regex
    icon: mdi:help
    styles:
      card:
        - background: >-
            repeating-linear-gradient(45deg,
            #2B3038 0 40px, #77808C 40px 80px)
      icon:
        - color: '#FFFFFF'
```

இந்தத் துண்டு `state:` பட்டியலில் சேரும். `unknown` என்பதையும் சேர்த்ததற்குக் காரணம், சர்வரை மறுதொடக்கம் செய்தபின் சில சென்சார்கள் முதல் செய்தி அனுப்பும் வரை அந்த நிலையில் கிடக்கும்.

கோலம் சரியானது. ஆனால் சோதிக்கப் பேட்டரியைக் கழற்றினேன், பட்டை வரவே இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரவும் ஆயிற்று. கார்டு 'மூடியிருக்கிறது' என்றே சொன்னது. இது திரையின் குற்றம் இல்லை. பேட்டரியில் ஓடும் ஜிக்பீ சென்சார் பெரும்பாலும் தூங்கிக் கொண்டுதான் இருக்கும்; அது பேசாமல் இருப்பதை வைத்துச் செத்துவிட்டது என்று உடனே சொல்ல முடியாது. நாங்கள் பயன்படுத்தும் `zigbee2mqtt` மென்பொருளில் இந்தக் கண்காணிப்பைத் தனியாக இயக்க வேண்டும். இயக்கினாலும், தூங்கும் கருவிகளுக்கு அது இயல்பாகக் காத்திருக்கும் நேரம் 1500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். ஒரு நாள் முழுக்கத் திரை பழைய செய்தியைச் சொல்லிக் கொண்டிருக்கலாம் என்று பொருள்.

எங்கள் சென்சார் எத்தனை நேரத்துக்கு ஒருமுறை தானாகப் பேசுகிறது என்று 'கடைசியாகக் கண்ட நேரம்' பதிவில் நான்கு நாள் பார்த்தேன். ஏறத்தாழ ஒரு மணிக்கு ஒருமுறை ஏதாவது அனுப்பியது. மூன்று முறை தவறினால் சந்தேகப்படலாம் என்று 180 நிமிடம் வைத்தேன்.

```yaml
availability:
  enabled: true
  passive:
    timeout: 180
```

இதைவிடக் குறைத்தால் நல்ல சென்சாரும் அடிக்கடி பட்டைக்குள் போய் வரும். பட்டை அடிக்கடி வந்தால் யாரும் அதை மதிக்க மாட்டார்கள். எனவே எங்கள் டாஷ்போர்டு மூடியிருக்கிறது என்று சொன்னால், அந்தச் செய்தி அதிகபட்சம் மூன்று மணி நேரப் பழையதாக இருக்கலாம். இந்த வரம்பை அப்பாவிடமும் தம்பியிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

இரவு

கடைசியாக வந்த முறையீடு அம்மாவிடம் இருந்து. இரவு பத்து மணிக்கு அம்பர் கார்டு எரிந்தால் கூடம் முழுவதும் மஞ்சள் வெளிச்சம். நிறங்களை இரவுக்கென மங்கலாக்கி இன்னொரு தொகுப்பு எழுதத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன். படிகளுக்கு இடையே உள்ள விகிதம்தான் முக்கியம். திரையின் பின்னொளியைக் குறைத்தால் எல்லாம் சேர்ந்து குறையும், விகிதம் பெரிதாக மாறாது. நாங்கள் டேப்லெட்டில் ஓட்டும் ஃபுல்லி கியோஸ்க் செயலியை ஹோம் அசிஸ்டன்டுடன் இணைத்தால் திரை வெளிச்சம் 0 முதல் 255 வரை ஓர் எண்ணாக வந்துவிடும். சூரியன் மறைந்ததும் 40, விடிந்ததும் 200. ஓர் ஆட்டோமேஷனில் முடிந்தது.

ஒரு கண்ணி மட்டும் இருந்தது. டேப்லெட்டில் கண்ணுக்கு இதமான இரவு நிறம் என்ற வசதி தானாக இயங்கிக் கொண்டிருந்தது. அது திரையில் நீலத்தைக் குறைத்துவிடும். கசிவுக்கு வைத்த வெள்ளைக் கார்டு மஞ்சளாகி, அம்பருக்குப் பக்கத்தில் போய் நின்றது. நடுப்படி நீலமோ சாம்பலை நோக்கிச் சரிந்தது. சோதனைக்காகக் கசிவு சென்சாரை ஈரத் துணியில் வைத்தபோது, சிமிட்டும் ஐகானை வைத்துத்தான் அம்மா அதைக் கதவு இல்லை என்று பிரித்தறிந்தார். இரவு நிற வசதியை அணைத்துவிட்டு, பின்னொளியை மட்டும் குறைக்க விட்டேன்.

இப்போது தம்பி ஏழாவதாக வாசல் கேட்டுக்கும் ஒரு கார்டு கேட்கிறான். நான்கு பத்தியாக்கினால் கார்டின் அகலம் 415இல் இருந்து சுமார் 310 பிக்சலாகும், அதாவது 52 மி.மீ. ஐகானுக்கு 140 பிக்சல் அதிலும் கிடைக்கும், நிறத்துக்கும் போதுமான பரப்பு இருக்கும். ஆனால் ஆறு இடத்தையும் மனதில் வைத்திருக்கிறவர்களுக்கு எல்லா இடமும் மாறும். வெப்பநிலை கார்டைத் தூரத்தில் இருந்து யாரும் பார்ப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். அதை இரண்டாம் பக்கத்துக்கு அனுப்பிவிட்டு அதே கட்டத்தில் கேட்டை வைக்கப் போகிறேன்.